இருநூறு பேருக்கு ராஜ்மாவும் சோறும்: ஏற்காட்டுச் சமையற்கூடத்தில் கேட்டவை

நாகலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, ஏற்காட்டில் நான் உதவிக்குப் போகும் சமுதாயச் சமையற்கூடத்தில், பந்தி வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்களுக்காக அங்கே தலைமைச் சமையல் பார்க்கும் அம்மா இருபது நிமிடம் பேசினார். நன்கொடையாக ராஜ்மா மூட்டைகள் வந்திருந்தன. எங்களில் பலருக்கு அது பழக்கமில்லாத பயறு. இருநூறு பேருக்கு ராஜ்மாக் குழம்பும் சோறும் செய்யவேண்டியிருந்ததால், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். நினைவில் இருப்பதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னது இதுதான்: "ராஜ்மாவில் இருக்கும் நஞ்சு கொதியில் அழிந்துவிடும். சோற்றில் வரும் கேடு கொதிக்குத் தப்பிப் பிழைத்து, இறக்கி வைத்த பிறகுதான் வளரும். இரண்டையும் ஒரே பந்தியில் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்."

அன்றைய கணக்கு: அரிசி 20 கிலோ, ராஜ்மா 6 கிலோ. முதல்நாள் இரவு எட்டு மணிக்கே ராஜ்மாவை நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். காலை ஆறு மணிக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருத்திருந்தது. ஊறிய தண்ணீரை ஒரு சொட்டும் விடாமல் கீழே ஊற்றிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் அடுப்பேற்றினார். சேலத்தில் சித்திரை வெயிலில் இதே பத்து மணி நேரம் ஊறினால் நுரைத்துப் புளிப்பு வாடை வந்துவிடும் என்றும், அங்கே எட்டு மணி நேரம் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றவேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்து அவர் காட்டியதை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை. விறகடுப்பில் இருந்த அண்டாவின் விளிம்பைச் சுற்றிக் குமிழிகள் எழுந்தன. "கொதித்துவிட்டதா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம். நீண்ட தண்டுள்ள சமையல் வெப்பமானியை அண்டாவின் நடுவில், பயறுக்குள் இறங்கும்படி பிடித்துக் காட்டினார். அது 82 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் பயற்றை நெடுநேரம் வைத்திருந்தால் தோல் மென்மையாகி வெந்ததுபோலத் தோன்றும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும் என்றார். அடியிலிருந்து அகப்பையால் கிளறிக்கொடுத்து, நடுப்பகுதியும் தளதளவென்று புரண்டு கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். அந்தக் கணத்திலிருந்து அரைமணி நேரம் கொதி அடங்கக்கூடாது. அதன்பின் தீயைக் குறைத்து, மசியும்வரை வேகவிடலாம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகையால் சேலத்தில் ஒரு மணி நேரத்தில் வேகும் பயறு இங்கே ஒன்றரை மணி நேரம் கேட்கிறது என்பது அவர் அனுபவம். பயறு மசியும்வரை தக்காளியும் புளியும் சேர்க்கவே கூடாது. புளிப்பு பட்டால் பயறு இறுகிக்கொள்ளும்.

வெந்ததா என்று பார்க்க அவர் ஒரு பயற்றை எடுத்துச் சுவைக்கவில்லை. அடியிலிருந்து, நடுவிலிருந்து, ஓரத்திலிருந்து என்று பத்துப் பயறுகளைத் தட்டில் எடுத்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நசுக்கினார். ஒன்பது மசிந்தன. ஒன்றின் நடுவில் வெள்ளையாக மாவுபோன்ற ஒரு புள்ளி தெரிந்தது. உடனே மேலும் இருபது நிமிடம் தீயை எரியவிட்டார்.

சோற்றைப் பற்றிச் சொன்னது சுருக்கம்தான். 20 கிலோவையும் ஒரே தடவையில் வடிக்காமல் பத்துப் பத்து கிலோவாக இரண்டு ஈடாக வடித்தார். முதல் ஈடு பதினொன்றரைக்கும் இரண்டாம் ஈடு பன்னிரண்டேகாலுக்கும் இறங்கியது, பந்தி பன்னிரண்டுக்குத் தொடங்கியது. பந்தி நடக்கும்போது சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. மீதியாகும் சோற்றை அவர் இரவுக்கு வைப்பதே இல்லை. இரண்டு மணிக்குள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, உடனே சாப்பிடச் சொல்லிவிடுகிறார்.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியாதவற்றை அவரிடமே கேட்டுச் சொல்கிறேன்.

சேர்வராயன் தோட்டம் எழுதியது:

நல்ல பதிவு, தம்பி. எங்கள் தோட்டத்தில் பீன்ஸும் பட்டர் பீன்ஸும் பயிரிடுகிறோம். இத்தனை ஆண்டுகளாகப் பறித்த அன்றே நறுக்கிப் பொரியல் செய்து சாப்பிடுகிறோம்; ஊறவைத்தது கிடையாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதையும் இரவெல்லாம் ஊறப்போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைக்க வேண்டுமா? அப்படிச் செய்தால் பீன்ஸ் கூழாகிவிடுமே. வீட்டில் இதைப் படித்துவிட்டு என் மனைவி பயந்துபோயிருக்கிறார்.

நாகலூர்க்காரன் எழுதியது:

ஐயா, மன்னிக்கவும், நான் தெளிவாக எழுதியிருக்கவேண்டும். இது முற்றி உலர்ந்த சிவப்பு ராஜ்மாப் பயற்றைப் பற்றிய பேச்சு. பச்சைக் காயாகப் பறிக்கும் பீன்ஸை ஊறவைக்கத் தேவையில்லை. பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவைத்தால் போதும்.

ஓமலூர் மாஸ்டர் எழுதியது:

நான் 22 ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். அந்த அம்மாவின் மீது மரியாதை உண்டு. ஆயினும் இரண்டு இடங்களில் தேவைக்கு மேல் அச்சப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, ராஜ்மாவை இப்படி அண்டாவில் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊறவைத்த பயற்றைப் பெரிய குக்கரில் போட்டு ஐந்தாறு விசில் விட்டால் வேலை முடிந்தது.

மற்றொன்று சோறு. ஆயிரம் பேர் பந்தி என்றால் நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கே வடிக்கத் தொடங்கிவிடுவோம். வடித்த சோற்றைப் பெரிய அண்டாக்களில் அமுக்கி, வாழையிலை போட்டு மூடி வைப்போம். பதினொரு மணிக்கு மேல் தேவையான அளவுக்கு ஆவி காட்டினால் ஆவி பறக்கும் சோறு கிடைக்கும். எந்தக் கிருமியாக இருந்தாலும் அந்தச் சூட்டில் செத்துப்போகும். இது தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான்.

சூரமங்கலம் ஓய்வாளர் எழுதியது:

உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் நுண்ணுயிர்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மாஸ்டர் சொன்னதில் முதற்பாதி சரி. குக்கருக்குள் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டுவதால் ஊறிய ராஜ்மாவின் நஞ்சு ஐயத்துக்கு இடமின்றி அழிந்துவிடும். மலையில் பயறு வேகத் தாமதமாகும் தொல்லையும் பெரும்பாலும் நீங்கும். பயறு நுரைத்து எழும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. நுரையும் தோலும் ஏறி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். இருநூறு பேருக்கு அப்படிச் செய்யவேண்டுமானால் எத்தனை ஈடு வைக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. அரிசியோடு வயலிலிருந்தே வரும் பேசிலஸ் செரியஸ் என்ற நுண்ணுயிர், வித்து வடிவில் கொதிநீரையும் தாங்கும். சோறு வடிக்கும்போது மற்றவை சாகின்றன, இது சாகாமல் உறங்குகிறது. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக இருக்கும்போது அந்த வித்து முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே சுரந்துவிடுகிறது. நீங்கள் ஆவி காட்டும்போது அந்த நுண்ணுயிர் சாகக்கூடும். அது விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் அந்த நஞ்சு அழியவில்லை என்பது ஆய்வில் கண்டது. உங்கள் அண்டாவின் ஆவி அதற்கு எந்த விதத்திலும் ஈடாகாது.

நஞ்சு ஏறிய சோறு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஊசின வாடை வராது, நூல் விடாது. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லாத சமையற்காரரை நான் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

அம்மாபேட்டை அக்கா எழுதியது:

இதைப் படிக்கும்போது என் மனம் பதறுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். நூற்றிருபது பேர். வெளியிலிருந்து சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். அவர்கள் காலை ஆறு மணிக்கே சோறு வடித்து, அண்டாவில் குவித்து, ஈரத் துணி போட்டு மூடிவிட்டார்கள். பந்தி தொடங்கும்போது மணி ஒன்று. அந்தச் சோற்றைத் தக்காளித் தொக்கில் கிளறித் தக்காளிச் சாதமாகப் போட்டார்கள். நான்கு மணிக்கெல்லாம் பதினொரு பேருக்கு வாந்தி. என் அண்ணியைக் கைத்தாங்கலாகத்தான் ஆட்டோவில் ஏற்றினோம். இரவு பத்து மணிக்குள் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது. பனீர் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லி, அதை வாங்கிவந்த என் மருமகனைத்தான் இன்றுவரை குறை சொல்கிறார்கள். சோறு காரணமாக இருக்குமோ என்று அன்று ஒருவரும் நினைக்கவில்லை. ஐயா, அது சோற்றினால்தானா?

சூரமங்கலம் ஓய்வாளர் எழுதியது:

அம்மா, அன்றைய சோற்றையோ வாந்தியையோ யாரும் பரிசோதிக்காத நிலையில் உறுதியாகச் சொல்வது முறையாகாது. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாகத் தொடங்கி, அன்றே தெளிந்துவிடுவது சோற்று நஞ்சின் போக்குதான். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற மற்றொரு நுண்ணுயிரின் நஞ்சும் இதே வேகத்தில் இதே வாந்தியைக் கொடுக்கும். அது பெரும்பாலும் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் சமைத்த பண்டத்துக்கு வரும், பனீரிலும் வளரும். எனவே பனீரை முழுவதும் விலக்கிவிட முடியாது. ஆனால் ஏழு மணி நேரம் குவித்து மூடிவைத்த சோறு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது மருமகனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

பதினொரு பேரும் எதைச் சாப்பிட்டார்கள், நன்றாக இருந்தவர்கள் எதைச் சாப்பிடவில்லை என்று அன்றே இரண்டு வரிசையாக எழுதிவைத்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். இப்போதும் உறவினர்களுக்கு நினைவிருந்தால் கேட்டுப்பாருங்கள்.

அம்மாபேட்டை அக்கா எழுதியது:

என் அண்ணிக்குப் பனீர் பிடிக்காது, ஐயா. அவர் தொடவே இல்லை. இதை இவ்வளவு நாளாக நான் யோசிக்காமல் இருந்துவிட்டேன். இன்று மாலையே மருமகனுக்குத் தொலைபேசியில் பேசப்போகிறேன்.

கன்னங்குறிச்சி வாசகி எழுதியது:

ஓய்வாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. வடித்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பழைய சோறாகச் சாப்பிடுகிறோம். பன்னிரண்டு மணி நேரம் வெளியில்தான் இருக்கிறது. என் பாட்டி தொண்ணூறு வயதுவரை அதைத்தான் சாப்பிட்டார். அந்த வித்து பழைய சோற்றில் மட்டும் ஏன் முளைப்பதில்லை?

சூரமங்கலம் ஓய்வாளர் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. தண்ணீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு பெருகுகின்றன; நீராகாரம் புளிப்பது அதனால்தான். நன்றாகப் புளித்துவிட்ட பிறகு பேசிலஸ் செரியஸால் அங்கே வளர முடியாது. தண்ணீர் ஊற்றியவுடன் சோறு விரைவாக ஆறிவிடுவதும் ஒரு நன்மை. பகல் முழுவதும் வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால், புளிப்பு ஏறுவதற்கு முன்பே நஞ்சு சுரந்திருக்க வாய்ப்புண்டு. பின்னால் வரும் புளிப்பு அந்த நஞ்சை அழிக்காது. ஒரு வீட்டுச் சட்டியில் நடப்பதும் பத்து அண்டாக்களில் நடப்பதும் ஒன்றல்ல. ஆகவே வீட்டுப் பழைய சோற்றை நான் குறை சொல்லமாட்டேன். அதைக் காட்டி மூடிய அண்டாச் சோற்றுக்குச் சான்று கொடுக்கவும் மாட்டேன்.

ஓமலூர் மாஸ்டர் எழுதியது:

ஐயா சொல்லும் அறிவியலை மறுக்க எனக்குப் படிப்பு இல்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். மூடி வைத்த அண்டாவில் மூன்று மணி நேரம் கழித்துக் கையை விட்டால் சுடும். வெதுவெதுப்பாக ஆவதே இல்லை. அப்படியிருக்க, அந்த வித்து எங்கே முளைக்கும்? அந்தக் காலத்தில் மூங்கில் கூடையில் கொட்டுவார்கள், அதில் வேண்டுமானால் ஆறிப்போகும்.

நாகலூர்க்காரன் எழுதியது:

அண்ணா, இந்தக் கேள்வியை அப்படியே அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். அவரும் தொடக்கத்தில் இப்படித்தான் நம்பியிருந்தாராம். ஒரு தடவை மழையால் பந்தி நின்றுபோக, ஏறத்தாழ 25 கிலோ சோறு மூடிய அண்டாவில் மாலை ஏழு மணிக்கு நின்றுவிட்டது. ஏற்காட்டுக் குளிரில் விடிவதற்குள் ஜில்லிட்டுவிடும் என்று எண்ணிப் படுத்திருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தால் மேற்பரப்பும் ஓரமும் குளிர்ந்திருந்தன. அகப்பையை நடுவில் விட்டுப் புரட்டியபோது உள்ளே இன்னும் பிள்ளைக்கு வென்னீர் வைத்ததுபோல இளஞ்சூடு இருந்ததாம். நுண்ணுயிருக்கு ஒரு தொட்டில் கட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது என்று அந்தச் சோறு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். மாட்டுக்கும் வைக்கவில்லை.

அவருடைய பதில் இது: "மாஸ்டரிடம் அண்டாவின் நடுவில் கையை விடவேண்டாம் என்று சொல்லு. ஓரத்தில், சுவரை ஒட்டி விட்டுப் பார்க்கச் சொல்லு. மேலே இரண்டு விரற்கடை ஆழத்திலும் பார்க்கச் சொல்லு." சோற்றை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் விரைவாக ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் ஏற்றவேண்டும் என்றும், 20 கிலோ அரிசிச் சோற்றுக்கு அத்தனை தட்டும் குளிர்பெட்டியும் தன்னிடம் இல்லாததால்தான் வைப்பதையே விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

சூரமங்கலம் ஓய்வாளர் எழுதியது:

அந்த அம்மா சோற்றைப் புதைத்தது சரியான முடிவு. ராஜ்மாக் குழம்புக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை ஒரு வரியாகச் சேர்க்கிறேன். கெட்டியான குழம்பு ஆழமான அண்டாவில் மெல்ல ஆறும்போது அதில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற வேறொரு நுண்ணுயிரின் வித்து முளைக்கும்; அதன் விளைவு வயிற்றுப்போக்காக எட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியும். மதியம் சாப்பிட்டவருக்கு நள்ளிரவில் போகத் தொடங்கினால், இரவு உணவின்மேல்தான் பழி விழும். அந்த நுண்ணுயிரைப் பொறுத்தவரை, பரிமாறுவதற்கு முன் குழம்பை முழுவதும் மீண்டும் கொதிக்கவைப்பது உண்மையிலேயே காக்கும். மாஸ்டரின் கருத்து அங்கே பொருந்தும்.

ஓமலூர் மாஸ்டர் எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நீளத் தண்டு வைத்த வெப்பமானி ஒன்று வாங்கி, நேற்று ஒரு வளைகாப்பில் அளந்து பார்த்தேன். காலை ஆறரைக்கு மூடிய அண்டாவை ஒன்பதரைக்குத் திறந்தேன். நடுவில் 71. சுவரை ஒட்டி 54. மேலே இலைக்குக் கீழே 49. நடுவில் கையை விட்டுப் பார்த்தே இத்தனை ஆண்டுகளாக ஏமாந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளையாக அந்தப் பந்தி பத்து மணிக்கே தொடங்கிவிட்டது.

என் சிக்கலையும் நீங்கள் கேட்கவேண்டும். மண்டபங்களில் எங்களுக்குக் கிடைப்பது மூன்று அடுப்பு, சில இடங்களில் இரண்டு. சாம்பார், ரசம், பாயசம், பொரியல் எல்லாம் அதே அடுப்பில்தான் ஆகவேண்டும். சோற்றைக் கடைசியில் வடிக்கலாம் என்றால் ஆயிரம் பேருக்கு அடுப்பு எங்கே? சம்பளம் கொடுப்பவர்கள் எட்டு மணிக்கே வந்து, சோறு ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஹாட் பாக்ஸில் போட்டு வைத்தால் தாங்குமா?

நாகலூர்க்காரன் எழுதியது:

அண்ணா, நீங்கள் அளந்து எழுதியதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன், மிகவும் மகிழ்ந்தார். ஹாட் பாக்ஸைப் பற்றி அவர் சொன்னது: காலிப் பெட்டியில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, வடித்த சூட்டோடு விளிம்புவரை சோற்றை நிரப்பினால் மூன்று மணி நேரம் 60க்கு மேலேயே நிற்கிறது. பாதிப் பெட்டி சோறு வைத்தால் நிற்பதில்லை. ஒரு பெட்டியைத் திறந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார்.

அடுப்பு வரிசைக்கு அவர் ஒரு மாற்றம் சொன்னார். ரசமும் பாயசமும் திரவம்; முன்கூட்டியே செய்திருந்தாலும் பந்திக்கு முன் பதினைந்து நிமிடத்தில் மறுபடி கொதிக்கவைத்துவிடலாம். பொரியலைக் காலையில் நறுக்கி வைத்துக்கொண்டு கடைசி முக்கால் மணியில் தாளிக்கலாம். மூன்று அடுப்பில் இரண்டை ஒன்பதரை மணியிலிருந்து சோற்றுக்கு மட்டும் ஒதுக்கி, பதினைந்து கிலோ வீதம் ஈடுபோட்டு, முதல் ஈடு ஹாட் பாக்ஸுக்குப் போகும்போதே அடுத்த உலையை ஏற்றவேண்டும் என்றார். ஆயிரம் பேருக்கு அது போதுமா என்று கேட்டேன். தான் அறுநூறு பேருக்கு மேல் சமைத்ததில்லை என்றும், அதற்கு மேல் உள்ள கணக்கை ஓமலூர் மாஸ்டர்தான் செய்து பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ஓமலூர் மாஸ்டர் எழுதியது:

வரும் முகூர்த்தத்தில் எண்ணூறு பேர், மூன்று அடுப்பு. இந்த வரிசையில் செய்து, ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது சுவர் ஓரச் சூட்டைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுகிறேன்.